சுமைத் தொழிலாளர் கூலி ஒப்பந்தம்: கையெழுத்துப் போடும் முன்

பழைய கூலி ஒப்பந்தம் முடியும் மாதம் வந்துவிட்டால் மொத்தக் கடை வீதிகளில் ஒரே பேச்சுத்தான். மூட்டைக்கு எத்தனை ரூபாய் கூடும், சரக்கு இறங்குமா, லாரி நிற்குமா என்று. ரூபாய்க் கணக்கில் நமது உறுப்பினர்கள் கெட்டிக்காரர்கள். அதை இங்கு எழுத வேண்டியதில்லை. யாருடன், எந்த இடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு பஜாரில் 60 மொத்தக் கடைகள், 90 சுமைத் தொழிலாளர்கள். இரண்டு சங்கங்கள்: ஒன்றில் 60 பேர், மற்றதில் 30 பேர். வணிகர் சங்கம் பெரிய சங்கத்தை அழைத்து, சங்கக் கட்டடத்திலேயே பேசி, மூன்று ஆண்டுக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டது. பத்து நாள் கழித்துச் சிறிய சங்கத்தின் 30 பேரும், "எங்களைக் கேட்காமல் போட்ட கூலி எங்களுக்கு வேண்டாம்" என்று மூட்டையைத் தொட மறுக்கிறார்கள். "ஒப்பந்தம்தான் இருக்கிறதே, இது சட்டவிரோத வேலைநிறுத்தம் அல்லவா?" என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது.

காரணம் இதுதான். இரு தரப்பும் தாங்களாகவே பேசிப் போட்ட ஒப்பந்தம், கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில், சமரசப் பேச்சின் போக்கில் ஏற்படும் ஒப்பந்தமோ அப்படியல்ல. கையெழுத்திடாத தொழிலாளர்களையும், நாளை புதிதாக வேலைக்கு வருபவர்களையும், கடை கைமாறினால் வாங்கியவரையும் சேர்த்தே அது கட்டுப்படுத்தும். முன்னதை 18(1) என்றும் பின்னதை 12(3) என்றும் பழகிய வாய்கள் இன்னும் சொல்லும். அவை 1947-ஆம் ஆண்டுத் தொழிற்தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு அப்படியே இருக்கிறது. மேற்சொன்ன பஜார்க்காரர்கள் பேசி முடித்த அதே கூலியை, இரு சங்கங்களையும் அழைக்கச் செய்து, அலுவலர் முன்பு எழுதியிருந்தால் 30 பேரும் கட்டுப்பட்டிருப்பார்கள். செலவு, இரண்டு மூன்று நடை அலுவலகம் போய்வருவதுதான்.

அடுத்தது, எந்தச் சங்கத்தை அங்கீகரிப்பது? பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. ஏழு பேர் விண்ணப்பித்துச் சங்கம் பதிவு செய்யலாம். தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அந்த அளவு உறுப்பினர் இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் காட்டினால் உடனே பேச்சுவார்த்தை உரிமை வந்துவிடாது. முன்பெல்லாம் அங்கீகாரம் என்பது பெரும்பாலும் முதலாளியின் மனதைப் பொறுத்து இருந்தது. புதிய சட்டத்தில் அளவுகோல் உண்டு. ஒரே சங்கம் இருந்தால், விதிகளில் சொன்ன தகுதி அதற்கு இருக்கும் பட்சத்தில், அதனோடு பேச வேண்டும். பல சங்கங்கள் இருந்தால், வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களில் 51 சதவீதம் பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். எதற்கும் 51 இல்லாவிட்டால், 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்களின் பிரதிநிதிகள் சேர்ந்த குழுவுடன் பேச வேண்டும். 90 பேரில் 40, 35, 15 என்று மூன்று சங்கங்களாகப் பிரிந்திருந்தால் முதல் இரண்டும் குழுவில் வரும். 15 பேர் என்பது 17 சதவீதத்தைக்கூட எட்டாது. மூன்றாவது வெளியே நிற்கும்.

நம் பஜாரில் இது இடறும் இடம் ஒன்று உண்டு. காலையில் மண்டியில், பகலில் பருப்புக் கடையில், மாலையில் லாரி செட்டில் மூட்டை தூக்குபவர் யாருடைய பதிவேட்டில் இருக்கிறார்? எவருடையதிலும் இல்லை. மூட்டைக் கணக்கில் கூலி கொடுப்பதால் அவர் நம் தொழிலாளி அல்ல என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நிம்மதி ஆபத்தானது. துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய தையற்காரர்களும் கடையின் பணியாளர்களே என்று 1973-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பேச்சு தொடங்குமுன், இரு சங்கங்களும் ஒப்புக்கொண்ட பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்துக்கொள்வது நல்லது. பின்னால் எழும் தலை எண்ணும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இனி வேலைநிறுத்தம். பழைய சட்டத்தில் முன்னறிவிப்புக் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு மட்டுமே இருந்தது. மளிகை மண்டியில் அறிவிப்பின்றி நிறுத்தினாலும் அந்தக் காரணத்தால் மட்டும் சட்டவிரோதம் ஆகாது. இப்போது எல்லா நிறுவனங்களுக்கும் அறிவிப்புக் கட்டாயம். பாதிப்பேருக்கு மேல் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே.

நாள்கணக்கைப் பார்ப்போம். மார்ச் 3-ஆம் தேதி அறிவிப்பு வந்தது. பதினான்கு நாள் கழியாமல் நிறுத்தக்கூடாது; ஆக 18-ஆம் தேதிக்கு முன் முடியாது. 12-ஆம் தேதி சமரச அலுவலர் முதல் கூட்டம் நடத்தினால் அன்றிலிருந்து சமரச நடவடிக்கை தொடங்கியதாகக் கணக்கு. அது நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் நிறுத்தக்கூடாது. அறிவிப்பு வந்த தகராறில் அவர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். 26-ஆம் தேதி அது முடிந்தால், ஏப்ரல் 3-தான் முதல் வாய்ப்பு. அறிவிப்புக்கு 60 நாள்தான் உயிர். மே முதல் வாரத்தில் அது காலாவதியாகும், மறுபடி புதிதாகக் கொடுக்க வேண்டும். இதற்கிடையே எந்தத் தரப்பாவது தீர்ப்பாயம் போனால், வழக்கு நிலுவையில் உள்ள காலமும் அதன் பின் 60 நாளும் தடை உண்டு. அந்தக் காலத்தில் தகராறுக்குரிய கூலியையோ நிபந்தனைகளையோ நாமும் நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்பதை மறக்கக்கூடாது.

அறிவிப்பை வாங்கி மேசை அறைக்குள் போட்டுவைப்பது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. ஐந்து நாளுக்குள் அரசுக்கும் சமரச அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. முதல் கூட்டம் சீக்கிரம் நடப்பதே நமக்கு லாபம் என்பதை மேலே கண்ட நாள்கணக்கே சொல்லும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். "அவர்கள் நிறுத்தினால் நாமும் கடையைப் பூட்டுவோம்" என்று கூட்டத்தில் எழுந்து பேசினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் பேரத்துக்காக வேலை மறுத்துப் பூட்டுவது கதவடைப்பு. அதற்கும் அதே 14 நாள் அறிவிப்பு, அதே தடைகள். சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குப் பதிலாகச் செய்யும் கதவடைப்புக்கு மட்டுமே சட்டம் விலக்குத் தருகிறது. வேலைநிறுத்தம் முறைப்படி நடந்ததாகவும் நியாயமானதாகவும் பின்னால் முடிவானால், அந்த நாள்களுக்குக் கூலி கேட்கவும் அவர்களுக்கு இடமுண்டு என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

மூட்டையைத் தூக்க மறுப்பது அவர்கள் உரிமை. பிறர் தூக்குவதைத் தடுப்பதும் லாரியை மறிப்பதும் அந்த உரிமையில் சேராது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று கோஷம் போட்டால் காவல் நிலையத்துக்கு ஓட வேண்டாம். யாராவது மறித்தால், நடந்த நேரம், லாரி எண், மறித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிப் புகார் கொடுங்கள். "சங்கத்தார் தொல்லை" என்று பொதுவாக எழுதிய மனுவுக்கு அங்கே ஒரு ரசீதுக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

ஒப்பந்தத்தில் காலவரையறையை எழுத மறந்தால் அது ஆறு மாதம்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுதிய காலம் முடிந்த பிறகும், ஒரு தரப்பு எழுத்துமூலம் முறித்துக்கொள்வதாக அறிவித்து 60 நாள் ஆகும் வரை பழைய கூலியே நீடிக்கும். ஆகவே முடியும் தேதியை நாள்காட்டியில் குறிக்கும்போது, அதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு தொடங்க வேண்டிய நாள் அதுதான்.