உப்பள வரப்பில் எந்தக் கம்பம்?

மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் நட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லாரி ரோட்டோரம் நின்றுவிடும். அங்கிருந்து பாத்திகளுக்கு நடுவே, ஒற்றையடி அகல வரப்பில், ஆள்தான் தூக்கிப் போக வேண்டும். ஆகவே விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது எடையை.

கைக்கு எட்டுவது சவுக்கு; இந்தக் கரை நெடுகிலும் சவுக்குத் தோப்புதான். 6 மீட்டர் கழி, அடி விட்டம் 12 செ.மீ., நுனி விட்டம் 6 செ.மீ. என்று கொள்வோம். விட்டத்தை நேராக அளப்பதைவிட, நாடாவால் சுற்றளவு எடுத்து 3.14-ஆல் வகுப்பது நல்லது. மரம் சரியான வட்டமாக இருப்பதில்லை. அளவுகளை மீட்டரில் போட்டால் கன அளவு கனமீட்டரில் வரும்:

கன அளவு = 3.14 × L × (D² + D×d + d²) ÷ 12

L நீளம், D அடி விட்டம், d நுனி விட்டம். அடைப்புக்குள் 0.0144 + 0.0072 + 0.0036, மொத்தம் 0.0252. விடை 0.0396 கனமீட்டர். பச்சைச் சவுக்கு கனமீட்டருக்குச் சுமார் 1,100 கிலோ என்று எடுத்தால் 43.5 கிலோ, காய்ந்ததை 900 என்று எடுத்தால் 35.6 கிலோ. சவுக்கின் அடர்த்தி வயதுக்கும் ஈரத்துக்கும் தகுந்தாற்போல் நிறையவே மாறும் என்பதால், ஒரு துண்டை அறுத்து நிறுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

அடி விட்டத்தையே முழு நீளத்துக்கும் போட்டுக் கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. பச்சைக் கழிக்கே அது 75 கிலோ என்று காட்டும், வெறும் பயம். இரண்டு விட்டங்களின் சராசரியை, அதாவது 9 செ.மீ.யைப் போட்டால் 42 கிலோ வரும். நாலு சதவீதம்கூடக் குறையாது, தோப்பில் நின்று மனக்கணக்குப் போட இது போதும். ஆனால் கூம்பு கூடக் கூட இந்தக் குறுக்குவழி பிசகும்.

பெரிய பிழை வேறிடத்தில் வருகிறது. வேரை ஒட்டிய இடம் புடைத்திருக்கும். அங்கே நாடாவைச் சுற்றி 12-க்குப் பதில் 14 செ.மீ. என்று எடுத்துவிட்டால் எடை 25 சதவீதம் கூடிவிடும். புடைப்பு அடங்கிய இடத்தில் அளக்க வேண்டும். நடுவிலும் ஒரு முறை நாடாவைச் சுற்றிப் பாருங்கள்: சுற்றளவு 28 செ.மீ.யை ஒட்டி இருந்தால் கழி சீராகக் கூம்புகிறது. 31 இருந்தால் நடு பருத்திருக்கிறது. கழியை இரண்டு பாதியாகப் பாவித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும்.

இனி இரும்பு. உள்ளே பொள்ளல் என்பதால் மேலே சொன்ன கணக்கு அப்படியே உதவாது. சராசரி விட்டத்திலிருந்து தகட்டின் தடிமனைக் கழித்து, அதை 3.14, தடிமன், நீளம் மூன்றாலும் பெருக்க வேண்டும். அதே 12-க்கு 6 அளவில், 3 மி.மீ. தகடு என்றால் 0.0049 கனமீட்டர், இரும்புக்கு 7,850 கிலோ வீதம் 38.6 கிலோ. ஆக, பச்சைச் சவுக்கைவிட இரும்புக் கம்பம் லேசு! காய்ந்த சவுக்குக்கும் அதற்கும் மூன்று கிலோதான் வித்தியாசம். அலுமினியத்தில் 4 மி.மீ. தடிமன் போட்டாலும் 17.5 கிலோ, ஒரே ஆள் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

பொள்ளலான வட்டக் கான்கிரீட் கம்பம் இந்தப் பந்தயத்திலேயே இல்லை. 8 மீட்டர், அடி 27 செ.மீ., நுனி 15 செ.மீ., சுவர் 5 செ.மீ. என்று வைத்தால் அரை டன் ஆகிறது. கிரேன் வரும் ரோட்டோரத்துக்கு மட்டுமே அது சரி. மூங்கிலுக்குக் கணுவும் பொள்ளலும் கழிக்கொரு விதம். கணக்குப் போடாமல் தராசில் வையுங்கள்.

எடை ஒத்துப்போன பிறகு உப்புக் காற்றைப் பார்க்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பமும் மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும், அதுவும் உள்ளே தண்ணீர் தேங்கினால் வெளியே தெரியாமலே. தட்டிப் பார்க்கையில் அடிப்பாகத்தின் ஓசை மட்டும் மாறினால் சந்தேகப்படுங்கள். அலுமினியத்தை இரும்பு போல்ட்டால் முடுக்கினால், இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் பொடியாக உதிரும். இடையில் ரப்பர் வாஷர் வேண்டும். சவுக்கு மண்மட்டத்தில் இற்றுப்போகும், ஆனால் மாற்றக் கழி பக்கத்திலேயே கிடைக்கும். ஒரு பருவத்துக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமானால் காய்ந்த சவுக்கே என் தேர்வு. பல வருடம் நிற்க வேண்டும், கையில் காசும் இருக்கிறது என்றால் அலுமினியம்.

சவுக்கைத் தூக்குகையில் இருவருக்கும் சம பாரம் வராது. இந்தக் கழியின் எடை மையம் அடியிலிருந்து 2.36 மீட்டரில் இருக்கிறது. இரு முனையிலும் பிடித்தால் பச்சைக் கழியின் 43.5 கிலோவில் அடிப்பக்கத்து ஆளுக்கு 26 கிலோ, நுனிப்பக்கத்து ஆளுக்கு 17. நிமிர்த்தும்போது கயிற்றை அந்த மையத்துக்கு மேலே, 3 மீட்டருக்கு அப்பால் கட்டுங்கள். மையத்துக்குக் கீழே கட்டினால் நுனி கனத்துத் தலைகீழாகச் சாயும்.