மாதக் கணக்கைச் சுருக்கும் வழி: விற்பனை, செலவு, ரொக்கம்

வியாபாரிகளாகிய நம்மில் பலருக்கு இப்பொழுது மாதந்தோறும் கணக்கர் அலுவலகத்திலிருந்து ஒரு கட்டு வந்து சேருகிறது. லாப நஷ்டக் கணக்கு, ஐந்தொகை, சரக்கிருப்பு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி, பேங்கு விவரம் என்று பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கும். ஓரத்தில் கணக்கர் இரண்டொரு காரணங்களும் குறித்திருப்பார். அதை அரைத்தாளில் சுருக்கிப் பங்காளிகளுக்கு எழுதும் வேலை கடையில் இருப்பவர் தலையில் விழுகிறது. அதை எப்படிச் செய்வதென்று ஒரு கடையின் கணக்கை முன்வைத்துப் பார்ப்போம். கடை நாம் கற்பித்துக்கொண்டது. பெருநாள் தேதிகளும் சம்பளச் சட்டமும் உண்மையானவை.

பினாங்கில் ஒரு மளிகைக் கடை. அரிசி, நெய், மசாலைச் சாமான், நோன்பு காலத்தில் பேரீச்சம்பழம். சில்லறை விற்பனை ரொக்கத்துக்கு. நாசி கண்டார் கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பது தவணைக் கடனுக்கு. அண்ணன் தம்பி இருவர் பங்காளிகள். தம்பி கடையைப் பார்க்கிறார். அண்ணன் முதுமை காரணமாகக் கடையநல்லூரில் தங்கிவிட்டார். தம்பி எழுதும் அரைத்தாள்தான் அண்ணனுக்குக் கடையைக் காட்டும் கண்ணாடி. 2025 ஏப்ரல் மாதக் கட்டு வருகிறது.

முதல் தாளிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: விற்பனை 248,000 வெள்ளி, சென்ற ஆண்டு இதே மாதம் 310,000. குறைவு 62,000, அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு. பக்கத்தில் கணக்கர் எழுதிய காரணம், "சந்தை மந்தம்." தம்பி இதை அப்படியே பார்த்தெழுதி அனுப்பினால் அண்ணன் என்ன செய்வார்? இரண்டு ஆட்களை நிறுத்து, கொள்முதலைப் பாதியாக்கு என்று அன்றே போன் செய்வார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

ஆனால் "சந்தை மந்தம்" என்பது காரணமாகாது. எந்தக் காரணத்துக்கும் ஒரு தொகை இருக்கவேண்டும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவையும் அது தாங்கவேண்டும். இங்கே முதலில் பார்க்கவேண்டியது நாட்காட்டி. 2024-ல் மலேசியாவில் நோன்பு மார்ச் 12-ல் தொடங்கி, ஏப்ரல் 10-ல் பெருநாள் வந்தது. 2025-ல் நோன்பு மார்ச் 2-ல் தொடங்கி, மார்ச் 31-லேயே பெருநாள் வந்துவிட்டது. ஆகவே சென்ற ஆண்டு ஏப்ரலில் பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் வியாபாரம் இருந்தது. இந்த ஆண்டு ஏப்ரலில் ஒரு நாள்கூட இல்லை. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவாதலால் இந்த நகர்வு வருடந்தோறும் நடப்பது. கணக்கர் எழுதும் இயந்திரத்துக்கு அது தெரியாது. ஏப்ரலை ஏப்ரலோடுதான் அது ஒப்பிடும்.

அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது? இரண்டு ஆண்டுகளிலும் நோன்புக்கு முந்திய கொள்முதல் கூட்டமும், நோன்பும், பெருநாளும் முழுதாக அடங்குகிற காலத்தை எடுக்கவேண்டும். மார்ச், ஏப்ரல் இரண்டை மட்டும் கூட்டினால் போதாது. 2025-ல் நோன்புச் சாமான் வாங்கும் கூட்டம் பிப்ரவரிக் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. ஆகையால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மூன்று மாதங்களைக் கூட்டுகிறோம். 2024-ல் 800,000, 2025-ல் 820,000. வியாபாரம் விழவில்லை, இரண்டரை சதவீதம் கூடியிருக்கிறது!

இங்கேயே மகிழ்ந்து பேனாவை வைத்துவிடக் கூடாது. அந்த மூன்று மாதத்தையும் மொத்தம், சில்லறை என்று பிரித்துப் பார்த்தால், மொத்தம் 350,000-லிருந்து 384,000 ஆகியிருக்கிறது. சில்லறை 450,000-லிருந்து 436,000 ஆகக் குறைந்திருக்கிறது. கூடியது கடன் வியாபாரம், குறைந்தது ரொக்க வியாபாரம். பின்னால் ரொக்கத்துக்கு வரும்போது இது நமக்கு வேண்டியிருக்கும். எனவே அரைத்தாளின் முதற்பகுதி இப்படி அமையும்: "ஏப்ரல் விற்பனை 62,000 குறைவு. பெருநாள் மார்ச்சுக்கு நகர்ந்ததே இதற்குக் காரணம். மூன்று மாதம் சேர்த்தால் 20,000 கூடுதல். மொத்தம் 34,000 கூடியது. சில்லறை 14,000 குறைந்தது. சில்லறைக் குறைவுக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்தை எழுதப் பலர் கூசுகிறார்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுவதில் வெட்கமில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு பேரங்காடி வந்ததைக் காரணமாக எழுதிவிடலாம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எந்தச் சாமான் குறைந்தது என்று பாராமல் அதை எழுதினால், படிப்பவர் அதை ருசுவான செய்தியாக எடுத்துக்கொள்வார்.

இனிச் செலவு. இதில் இரண்டு வகை உண்டு: சரக்கின் அடக்கவிலை ஒன்று, கடை நடத்தும் செலவு ஒன்று. முதலாவதைச் சரக்கு லாபத்தின் மூலம் பார்ப்பது எளிது. சென்ற ஏப்ரலில் நூற்றுக்கு 21 வீதம் 65,100 வெள்ளி. இந்த ஏப்ரலில் நூற்றுக்கு 18 வீதம் 44,640 வெள்ளி. குறைவு 20,460. இதை இரண்டாகப் பிரிக்கவேண்டும். விற்பனை 62,000 குறைந்ததால், பழைய 21 வீதப்படி போன லாபம் 13,020. மீதி 7,440 போனது வீதம் 21-லிருந்து 18-க்கு இறங்கியதால். முன்னது நாட்காட்டியின் வேலை. பின்னதை விசாரிக்கவேண்டும்.

இந்தக் கடையில் சில்லறைக்கு நூற்றுக்கு 25, மொத்தத்துக்கு 15 லாபம். சென்ற ஏப்ரலில் மொத்த வியாபாரம் நூற்றில் 40 பங்கு. இந்த ஏப்ரலில் 60 பங்கு. விலையில் ஒரு காசும் மாறாமல், இந்தப் பங்கு மாறியதாலேயே வீதம் 21-லிருந்து 19-க்கு வந்துவிடும். அது 4,960 வெள்ளி. இதிலும் பெரும்பகுதி பெருநாள் நகர்ந்ததால் ஏற்பட்டதே. ஏனெனில் பெருநாள் வியாபாரம் பெரும்பாலும் சில்லறை. இன்னும் மிச்சம் இருப்பது ஒரு வீதம், 2,480 வெள்ளி. கடைப் பையன்களைக் கேட்டால், மீந்த பேரீச்சம்பழத்தைப் பெருநாளுக்குப் பின் விலை குறைத்துத் தள்ளியதாகச் சொல்கிறார்கள். சொன்னால் போதாது. பட்டியைப் பார்த்து, எத்தனை பெட்டி, பெட்டிக்கு எத்தனை வெள்ளி குறைவு என்று பெருக்கவேண்டும். 310 பெட்டி, பெட்டிக்கு 8 வெள்ளி. 2,480 சரியாக வருகிறது. இப்பொழுது அது காரணம்.

கடைச் செலவு 34,000-லிருந்து 38,000. கூடிய 4,000-ல் 1,356 சம்பளம். 2025 பிப்ரவரி 1 முதல், ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆயிற்று. கடையில் ஆறு பேருக்கு ஆளுக்கு 200 வீதம் 1,200. அதற்கு முதலாளி பங்காக ஊழியர் சேமநிதி 13 சதவீதம் 156. இன்னும் 2,400 கடை இன்சூரன்ஸ். சென்ற ஆண்டு மே மாதத்தில் கட்டியதை இவ்வாண்டு ஏப்ரலிலேயே கட்டிவிட்டார்கள். மீதி 244 சில்லறை. அதைத் தோண்டத் தேவையில்லை. இந்த இரண்டு காரணங்களையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. சம்பளம் இனி மாதாமாதம் நிற்கும். இன்சூரன்ஸ் மே மாத ஒப்பீட்டில் எதிர்ப்பக்கம் வந்து கழிந்துவிடும். அரைத்தாளில் ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் "நிற்கும்" அல்லது "கழியும்" என்று ஒரு சொல் எழுதினால், தூரத்தில் இருப்பவருக்கு அதுவே பாதி விளக்கம்.

இப்பொழுது ரொக்கம். இதில்தான் அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு வருவது. லாப நஷ்டக் கணக்கு 6,640 லாபம் என்கிறது. ஆனால் பேங்கில் ஏப்ரல் 1-ல் இருந்த 92,000, மாதக் கடைசியில் 36,000. "லாபம் வந்திருக்கிறது என்கிறாய், 56,000 எங்கே போயிற்று?" என்று யாரும் கேட்பார். கேட்பதற்கு முன் பதில் எழுதியிருக்கவேண்டும்.

லாபத்தோடு, கையைவிட்டுப் போகாத செலவாகிய தேய்மானம் 1,500-ஐக் கூட்டினால் 8,140. லாரித் தவணையில் அசலும், இரு குடும்பங்கள் எடுத்த வீட்டுச் செலவும் சேர்ந்து அதே 8,140. ஆக, மாத லாபம் அங்கேயே தீர்ந்தது. மீதி மூன்று பெரிய அசைவுகள், மூன்றும் ஐந்தொகையில் இருக்கின்றன. சரக்கிருப்பு குறைந்ததால் ரொக்கமாகத் திரும்பியது 12,000. வரவேண்டிய பாக்கி 98,000-லிருந்து 121,000 ஆகி 23,000 முடங்கியது. மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியில் 45,000 கொடுத்துத் தீர்த்தது. 12,000 கூட்டி, 23,000-மும் 45,000-மும் கழித்தால், 56,000 குறைவு. காசு எங்கேயும் காணாமற் போகவில்லை.

45,000 என்பது நோன்புச் சரக்கின் கடன். பிப்ரவரியில் அறுபது நாள் தவணைக்கு வாங்கினார்கள்; மார்ச்சில் விற்றுக் காசாக்கினார்கள்; ஏப்ரலில் கொடுத்தார்கள். எனவே மாதத் தொடக்கத்தில் பேங்கில் இருந்த 92,000-ல் ஏறக்குறையப் பாதி கடைக்குச் சொந்தமான பணமே அன்று. மார்ச் மாதச் சுருக்கத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் அண்ணன் ஏப்ரலில் திடுக்கிட்டிருக்க மாட்டார்.

வரவேண்டிய பாக்கிக்குக் கட்டில் கொடுத்திருக்கும் காரணம், "மொத்த வியாபாரம் கூடியது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கிப் பட்டியலை நாள் வாரியாகப் பிரித்த தாளைப் பார்த்தால், கூடிய 23,000-ல் 14,000 மட்டுமே முப்பது நாளுக்கு உட்பட்டது. மீதி 9,000 அறுபது நாளைத் தாண்டியது. அதுவும் இரண்டே கடைகளின் பேரில் நிற்கிறது. கொடுத்த காரணம் 14,000-க்குப் பொருந்தும், 9,000-க்குப் பொருந்தாது. புது வியாபாரத்தால் வந்த பாக்கிக்கு அறுபது நாள் வயது எப்படி இருக்கும்? ஆகவே மூன்றாம் பகுதியை இப்படி எழுதுகிறோம்: "ரொக்கம் 56,000 குறைவு. நோன்புச் சரக்குக் கடன் தீர்த்தது 45,000, கழியும். பாக்கி கூடியது 23,000. அதில் 14,000 கூடிய வியாபாரம், 9,000 இரு கடைகளின் இழுபறி. சரக்குக் குறைந்ததால் வந்தது 12,000. லாபம், தவணைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாயிற்று."

அண்ணன் தீர்மானிக்கவேண்டியது இப்பொழுது ஆட்களை நிறுத்துவதைப் பற்றியன்று. அந்த இரண்டு கடைகளுக்கு மேலும் சரக்குக் கொடுப்பதா என்பதைப் பற்றி.

எழுதிய காரணங்கள் மெய்தானா என்று மே மாதக் கட்டு சொல்லிவிடும். இன்சூரன்ஸ் ஒப்பீட்டில் திரும்பி வரவேண்டும். பேரீச்சம்பழம் தீர்ந்துவிட்டபடியால், மொத்தமும் சில்லறையும் ஏப்ரலில் இருந்த பங்கிலேயே நின்றாலும் லாப வீதம் 18-லிருந்து 19-க்கு ஏறவேண்டும். நோன்புக் கடன் தீர்ந்துவிட்டபடியால், ரொக்கத்தில் அத்தகைய பெரிய இறக்கம் மறுபடி வரக் கூடாது. இவற்றில் எது நடக்கவில்லையோ அந்த வரியை மே மாத அரைத்தாளில் முதலில் எழுதி, ஏப்ரலில் சொன்ன காரணத்துக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும்.