மின்தடையில் மின்னழுத்தம் எப்போதும் குறையுமா?

கிர்க்காஃப் 1845-இல் வெளியிட்ட சந்தி விதியையும் சுற்று விதியையும் கொண்டு கணக்கிடும் மாணவர்களிடையே வேரூன்றியுள்ள நம்பிக்கை, மின்தடையைக் கடக்கும்போது மின்னழுத்தம் எப்போதும் குறையும், ஆகவே அங்கே கழித்தல் குறியே வர வேண்டும் என்பதாகும். உண்மையில், குறித்துக்கொண்ட மின்னோட்டத்தின் திசையிலேயே மின்தடையைக் கடந்தால்தான் கழித்தல் குறி வரும். அதை எதிர்த்துக் கடந்தால் கூட்டல் குறி வரும்.

12 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும் தொடராக அமைந்த இடக் கிளை, 6 வோல்ட் பேட்டரியும் 2 ஓம் மின்தடையும் அமைந்த வலக் கிளை, 4 ஓம் மின்தடை மட்டும் உள்ள நடுக் கிளை ஆகிய மூன்றும் மேலும் கீழும் இரு சந்திகளில் இணைந்துள்ளன என்றும், இரு பேட்டரிகளின் நேர்முனைகளும் மேற்சந்தியை நோக்கியுள்ளன என்றும் கொள்க. இடக் கிளையில் I1, வலக் கிளையில் I2 என்னும் மின்னோட்டங்கள் மேற்சந்திக்கு வந்து, நடுக் கிளையில் I3 ஆக இறங்குவதாகக் குறித்தால், சந்தி விதிப்படி I1 + I2 = I3 ஆகும்; இடச் சுற்று 12 − 2I1 − 4I3 = 0 என்பதைத் தரும்.

வெளிச்சுற்றில்தான் சிக்கல் எழுகிறது. இடக் கிளையில் ஏறி வலக் கிளையில் இறங்கும்போது I2-ஐ எதிர்த்துச் செல்வதால், சரியான சமன்பாடு 12 − 2I1 + 2I2 − 6 = 0 ஆகும்; இதிலிருந்து I1 = 2.4, I2 = −0.6, I3 = 1.8 ஆம்பியர் எனக் கிடைக்கின்றன. பழக்கத்தால் −2I2 என எழுதியவருக்கோ I1 = 0, I2 = 3, I3 = 3 என முழு எண்களாகவே விடை வருவதால் ஐயம் எழுவதில்லை. சந்தி விதியும் நிறைவேறிவிடுவதால் அதைச் சரிபார்த்தும் பயனில்லை. இதுவரை பயன்படுத்தாத வலச் சுற்றில் இட்டுப் பார்த்தால் மட்டுமே, 6 − 2I2 − 4I3 என்பது சுழியாகாமல் −12 ஆகிப் பிழை வெளிப்படும்.

கழித்தல் குறியுடன் விடை வந்தால் கணக்கே தவறு என்பது மற்றொரு நம்பிக்கை. −0.6 என்பது, மின்னோட்டம் அம்புக்குறிக்கு எதிராகப் பாய்ந்து, 6 வோல்ட் பேட்டரியின் நேர்முனை வழியே நுழைகிறது, அதாவது அந்தப் பேட்டரி மின்னேற்றம் பெறுகிறது என்பதையே காட்டுகிறது. அங்கு பேட்டரியின் குறி மாறுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குச் சென்றால், மின்னோட்டம் எத்திசையில் பாய்ந்தாலும், 6 வோல்ட் ஏற்றமே.

விடை வந்தபின் அம்பை மட்டும் திருப்பி, 0.6 என்பதைப் பழைய சமன்பாட்டிலேயே இடுவதுதான் உண்மையான பிழை. அப்போது வலக் கிளையின் முனைகளுக்கிடையே 6 − 1.2 = 4.8 வோல்ட் என வரும். நடுக் கிளையிலோ 4 × 1.8 = 7.2 வோல்ட் உள்ளது. ஒரே இரு சந்திகளுக்கிடையே இரு வேறு மின்னழுத்தங்கள் இருக்க இயலாது, −0.6 என்பதைக் குறியோடு இட்டால் 6 + 1.2 = 7.2 எனப் பொருந்திவிடுகிறது.