எழுதிய கோப்பு எங்கே போனது?

கேள்வி: லினக்ஸ் கணினியில் என் நிரல் கோப்பை எழுதி மூடியது. பிழை ஏதும் வரவில்லை. சில நொடிகளில் கரண்ட் போனது. திரும்ப வந்து பார்த்தால் கோப்பின் அளவு பூஜ்யம். ஏன்?

பதில்: `write()` வெற்றி என்று சொன்னால், தரவு கெர்னலின் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷுக்குப் போய்விட்டது என்றுதான் பொருள், வட்டுக்குப் போனதாக அல்ல. `close()` செய்தாலும் இதே கதைதான். வட்டு மெதுவானது என்பதால் கெர்னல் மாறிய பக்கங்களைச் சேர்த்து வைத்துப் பிறகு எழுதுகிறது. வழக்கமான அமைப்பில் ஒரு பக்கம் 30 நொடி வரை காத்திருக்கலாம். எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பதை `/proc/meminfo`-வில் `Dirty` வரி காட்டும்.

உங்கள் நிரல் மட்டும் செத்திருந்தால் தரவு பிழைத்திருக்கும். கெர்னல் அதை எழுதி முடித்திருக்கும். கரண்ட் போனால் நினைவகமே காலி. கோப்பின் பெயர் வட்டில் பதிவாகி, உள்ளடக்கம் பதிவாகாத இடைவெளியில் மாட்டியிருக்கிறீர்கள். எக்ஸ்ட்4 வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போடுவதால் இந்த இடைவெளி நீளும்.

இதைத் தவிர்க்க, முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதுங்கள், `fsync()` அழையுங்கள், அது திருப்பித் தரும் மதிப்பைக் கட்டாயம் பாருங்கள் (பலர் பார்ப்பதில்லை), பிறகு `rename()`. பெயர் மாற்றமும் நிலைக்க வேண்டுமென்றால் அந்த அடைவுக்கும் ஒரு `fsync()` வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் `fsync()` அழைத்தால் நிரல் ஆமையாகிவிடும். இழக்க முடியாத இடத்தில் மட்டும் போதும்.