ஒரு மரம், ஒரே ஒரு வெட்டு

பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் சீவியவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. விடுமுறையில் அவரைப் பற்றி ஆறு நிமிட ஆவணப்படம் எடுக்கலாம் என்று நானும் என் சித்தப்பா மகளும் இறங்கினோம். உங்கள் தாத்தா பாட்டியின் தொழிலைப் படம் பிடிக்க நினைத்தால் எங்கள் அனுபவம் உதவும்.

முதல் பேட்டி சொதப்பல். “வேலை கஷ்டமா இருந்துச்சா பாட்டி?” என்று கேட்டேன். “ஆமாண்டா தம்பி, கஷ்டம்தான்.” “அந்தக் காலம் எப்படி?” “இப்ப மாதிரி இல்ல.” நாற்பது நிமிடம் பதிவு செய்ததில் ஒரு நிமிடம்கூடத் தேறவில்லை. தப்பு பாட்டி மேல் இல்லை. என் கேள்வியிலேயே பதில் இருந்தது, அவர் தலையாட்டினார், அவ்வளவுதான்.

மறுநாள் கேள்விகளைக் கையிலும் கடிகாரத்திலும் கட்டினேன். எத்தனை மணிக்கு எழுந்தீங்க? விளக்கை எங்கே கட்டுவீங்க? மரத்துக்கிட்ட போனதும் கை முதல்ல எதைத் தொடும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பாட்டி எழுந்தே நின்றுவிட்டார். வெட்டுக்கோட்டில் முந்தின நாள் பால் காய்ந்து நாடா மாதிரி ஒட்டியிருக்குமாம். அதை உருவி எடுத்த பிறகுதான் உளியை வைக்க வேண்டும். இருட்டிலேயே ஏன் போகணும் என்றால், வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும்.

“மழை பேஞ்சா?” என்பது சின்னக் கேள்விதான். பட்டை ஈரமாக இருந்தால் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் மங்குக்குப் போகாமல் மரமெல்லாம் வழியும். “பெரட்டுக்குப் போய் நின்னுட்டுத் திரும்பி வருவோம். அன்னிக்குச் சம்பளம் இல்ல.” அதற்குப் பிறகு வீட்டுச் செலவைப் பற்றி ஒன்று சொன்னார். உடனே, “இதப் போடாதடா” என்றார். அவர் முன்னாலேயே அந்தப் பதிவை அழித்தோம். பேட்டிக்கு முன்பே இதைப் பேசி வைத்திருந்தால் அவர் பதறியிருக்க மாட்டார்.

பேட்டியை வீட்டு வரவேற்பறையில் எடுத்தோம். காற்றாடியை நிறுத்துங்கள், குளிர்ப்பெட்டியையும் நிறுத்துங்கள். குளிர்ப்பெட்டிக்குள் மோட்டார் சாவியை வைத்துவிட்டால் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். குழல்விளக்கு எரிந்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், 1/60-இல் படம் மினுமினுக்கும்.

படப்பிடிப்புத் திட்டத்தில்தான் பெரிய சிக்கல். பக்கத்துக் கம்பத்தில் ஒரு பாக்சிக் தன் சிறுதோட்டத்தில் ஆறு மரங்களை எங்களுக்கு விட்டுத் தந்தார். “சரியா வரல பாட்டி, இன்னொரு தடவை” என்று கேட்க முடியாது. ஒரு வெட்டு ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பட்டையைச் சீவி எடுக்கிறது. படத்துக்காகத் திரும்ப வெட்டினால் அவருடைய பட்டைதான் வீண். அதனால் ‘டேக்’ என்ற கணக்கை விட்டுவிட்டு மரத்தைக் கணக்காக்கினோம். முதல் மரம் தூரத்திலிருந்து, பாட்டி நடந்து வந்து வெட்டுவது. இரண்டாவதில் முகம் மட்டும். மூன்றாவதில் உளியின் முனை. நான்காவதில் பால் கோடு வழியாக இறங்கி மங்கில் விழும் முதல் சொட்டு. இரண்டு மரங்கள் கைவசம், ஏதாவது கெட்டுப்போனால் பயன்படுத்த. எடிட்டிங்கில் நான்கையும் ஒட்டினால் ஒரே மரம் மாதிரிதான் தெரியும். ஆனால் எல்லா மரத்திலும் கேமரா ஒரே பக்கம் நிற்க வேண்டும்.

எந்தப் பக்கம்? வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிகிறது, பாட்டியும் அதோடு வலப்பக்கம் நகர்வார். வலப்பக்கம் நின்றால் அவர் உடம்பு வெட்டை மறைத்துவிடும். இடப்பக்கம் நின்றால் உளி போன தடத்தில் பால் துளிர்ப்பது அப்படியே கிடைக்கும். முந்தின நாள் உளியில்லாமல், வெறும் கையால் செய்துகாட்டச் சொல்லி இதைக் கண்டுபிடித்தோம். வெளிச்சத்துக்கு அவர் நெற்றி விளக்கு மட்டும்தான். போன் கேமராவில் ஒளி அளவைப் பட்டையின் மேல் வைத்துப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் திரும்பும்போதெல்லாம் படம் வெளுத்துக் கறுக்கும்.

காலை ஆறரைக்கு ஆரம்பித்தோம். மூன்றாவது மரத்தில் பாட்டியின் கை நடுங்கியது. உளி ஆழமாக இறங்கிவிட்டது. அவர் கேமராவை மறந்து, அந்த இடத்தில் விரலை வைத்து நின்றார். “காயம் பட்டுருச்சு.”

என் தாளில் இல்லாத கேள்வி வாய்க்கு வந்தது: “எப்படித் தெரியுது பாட்டி?”

“உளி கட்டையில இடிக்கிறது கைக்குத் தெரியும்டா. இங்க இனிமே பட்டை ஒழுங்கா வளராது, முண்டு முண்டா வரும். அப்புறம் எப்பவும் உளி அதுல தடுக்கும்.”

படத்தில் இப்போது நாற்பது வினாடி அதுதான் ஓடுகிறது. அன்று பாட்டி பாக்சிக்கைக் கூப்பிட்டு, காயத்தைத் தானே காட்டி மன்னிப்புக் கேட்டார். பிறகு எங்களைப் பார்த்து, “என்ன நிக்கிறீங்க, அடுத்த மரத்துக்கு வாங்க, வெயில் ஏறப்போவுது” என்றார்.