கார்டின் பின்னால் மூணு எண்

வீட்டில் அப்பா அம்மா வைத்திருக்கும் ஏ.டி.எம். கார்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கம் மூன்றே மூன்று எண் இருக்கும். சி.வி.வி. என்பார்கள். இன்டர்நெட்டில் பொருள் வாங்கும்போது கடைக்காரர் அதைக் கேட்கலாம். ஆனா பணம் கட்ட வங்கி சரி சொன்ன பிறகு வச்சுக்கக் கூடாது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனங்கள் சேர்ந்து 2004-ல் போட்ட விதி இது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? கார்டு எண்ணையும் அது காலாவதியாகும் மாதத்தையும் தன் ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் வங்கி அந்த மூணு எண்ணை எடுக்கிறது. கார்டின் கறுப்புக் காந்தப் பட்டையில் அது கிடையாது. அங்கே இருப்பது வேற எண். அதனால் பட்டையை நகல் எடுத்த திருடனுக்கும் இது கிடைக்காது. இதைச் சொல்கிறவர் கையில் கார்டு இருக்கிறது என்று வங்கி நம்புவது அதனால்தான். கடையில் சேர்த்து வைத்தால், அந்தப் பட்டியலைத் திருடியவன் கையிலும் கார்டு இருப்பது போல ஆகிவிடும்.

"பூட்டி ரகசியமா வச்சா என்ன?" என்று என் தம்பி கேட்டான். அதுவும் கூடாது. பூட்டின் சாவியும் கடையில்தானே இருக்கும்! திரும்ப எடுக்க முடியாதபடி உருமாற்றி வைத்தாலும் பயனில்லை. 000 முதல் 999 வரை மொத்தம் 1000 எண்தான். வங்கியிடம் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் கார்டை முடக்கிவிடும். தன் கம்ப்யூட்டரில் ஆயிரத்தையும் உருமாற்றி ஒப்பிட்டுப் பார்க்கிறவனை யார் தடுப்பது? ஒரு நொடிகூட ஆகாது.

வேண்டுமென்றே சேர்ப்பவர்களைவிட, தெரியாமல் சேர்ப்பவர்களால்தான் வம்பு. 2018-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனிக்குள் திருடர்கள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்தார்கள். சோதித்துப் பார்ப்பதற்காக வைத்த ஒரு பதிவு வசதியை அணைக்க மறந்திருந்தார்கள். கார்டு எண்களும், பலவற்றில் சி.வி.வி.யும், அப்படியே எழுத்தாக ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டு விவரங்கள்! யாரும் கேட்டு வைத்ததல்ல. 2020-ல் அந்த நாட்டுத் தகவல் ஆணையர் கம்பெனிக்கு 2 கோடி பவுண்டு அபராதம் போட்டார். அபராதத்துக்குக் காரணம் இது மட்டுமல்ல, பாதுகாப்பில் இருந்த மற்ற ஓட்டைகளும்தான்.

நம் நாட்டில் 2022 அக்டோபர் 1 முதல் கார்டு எண்ணையே கடைகள் வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக 'டோக்கன்' என்ற மாற்று எண் வைத்துக்கொள்கிறார்கள். கணக்குப் பார்க்கக் கடைசி நாலு எண் மட்டும் இருக்கலாம்.

இந்த விதி எட்டாத இடம் ஒன்று உண்டு. அதே திருடர்கள் அந்தக் கம்பெனியின் பணம் கட்டும் பக்கத்திலும் சில வரிகளைச் செருகி, பயணிகள் தட்டிய விவரங்களைத் தங்கள் பக்கமும் அனுப்ப வைத்தார்கள். கடை எதையுமே சேர்க்காவிட்டாலும் அது போயிருக்கும். நம்ம ஊர்ல மூணு எண்ணைக் கேட்ட பிறகும் போனுக்கு ஓ.டி.பி. வருதே, அது இந்த மாதிரித் திருட்டிலும் உதவும்.