வாய்விட்டுப் படித்தபின் அனுப்புக

அன்புள்ள சிரஞ்சீவிக்கு,

நீ அனுப்பிய கதைப் பிரதி கிடைத்தது. கதையின் போக்கைப் பற்றி எனக்கு ஆட்சேபம் எதுவுமில்லை. ஆனால் எழுதி முடித்த கையோடு தபாலில் சேர்த்திருக்கிறாய், ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இக்கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்னுடைய வாக்கியங்களையே எடுத்துக்கொள்வோம். "மழை நின்ற பிறகு வெளியே வந்த முத்தையா, தெருவில் தேங்கி நின்ற நீரில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வருத்தமாக இருந்தது. சைக்கிள் அப்பாவுடையதாக இருந்தது. அது மிகப் பழையதாக இருந்தது."

இதனை மௌனமாக வாசிக்கும்போது குற்றம் புலப்படாது. மழை நிற்பது ஓய்தல், நீர் நிற்பது தேங்குதல், சைக்கிள் நிற்பது இருத்தல், முத்தையா நிற்பது காலூன்றி நிற்றல் என்று ஒவ்வோரிடத்திலும் பொருள் வேறுபடுவதால், பொருளையே தேடிச் செல்லும் கண், நான்கும் ஒரே சொல் என்பதைக் கவனியாமல் கடந்து போகிறது. காதுக்கோ முதலில் எட்டுவது ஓசை. ஆகையால் மூன்றாவது 'நின்ற' வரும்போதே அது முகம் சுளிக்கிறது. அடுத்த மூன்று வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் நடந்து ஒரே 'இருந்தது'வில் முடிகின்றன. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால் இந்தச் சலிப்பு நம் உரைநடைக்கே விசேஷமாக வாய்த்த அபாயம். உரக்கப் படித்தால் குரல் மும்முறையும் ஒரே இடத்தில் தாழ்ந்து விழுவதை நீயே உணர்வாய்.

நான் இப்படித் திருத்துவேன்: "மழை ஓய்ந்தது. வாசலுக்கு வந்த முத்தையா, தெருவில் தேங்கிய நீரில் பாதிச் சக்கரம் முழுகக் கிடந்த சைக்கிளைப் பார்த்தபடி நின்றான். அப்பாவின் பழைய சைக்கிள் அது." வருத்தத்தைத் தனியே சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று, பார்த்தாயா?

மற்றோரிடத்தில், "நேற்று ஊரிலிருந்து வந்த தம்பியின் கடிதத்தைப் பிரித்தாள்" என்று எழுதியிருக்கிறாய். வந்தது தம்பியா, கடிதமா? 'வந்த' என்பதற்குப் பின் சற்று நிறுத்திப் படித்தால் கடிதம் வந்ததாகிறது. 'வந்த தம்பியின்' என்று சேர்த்துப் படித்தால் தம்பியே வந்துவிடுகிறான். எங்கே நிறுத்துவது என்று நாக்கு தயங்கும் இடத்தில் பெரும்பாலும் பொருளிலும் ஒரு தயக்கம் ஒளிந்திருக்கும். "தம்பியின் கடிதம் நேற்று ஊரிலிருந்து வந்தது, அதைப் பிரித்தாள்" என்று எழுதிவிட்டால் குரலுக்கும் பொருளுக்கும் சங்கடமில்லை.

இனி, படிக்கும் முறை. எழுதிய பிரதியை ஓரிரவாவது ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் தனியாக அமர்ந்து, நாடக பாவம் எதுவுமின்றிச் சாதாரணக் குரலில் படி. நடித்துப் படித்தால் வாக்கியத்தில் இல்லாத உயிரைக் குரல் கொடுத்துவிடும், குற்றம் மறைந்துவிடும். தடுக்கிய இடத்திலும், மூச்சு முட்டிய இடத்திலும், சொல் திரும்பி வந்த இடத்திலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு மட்டும் இட்டுக்கொண்டு மேலே செல். அங்கேயே திருத்தத் தொடங்கினால் ஓசையின் தொடர்ச்சி அறுந்துபோகும். முழுவதும் முடிந்தபின் கோடிட்ட இடங்களைத் திருத்தி, திருத்திய பத்தியை அதற்கு முந்திய பத்தியோடு சேர்த்து மீண்டும் படி. ஏனெனில் புதிதாக இட்ட சொல், சற்று முன்னரே அங்கு வந்திருக்கக்கூடும்.

இயலுமானால் கடைசியில் பிரதியை வேறொருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேள். எங்கே அழுத்த வேண்டும் என்பது உனக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் திரும்பப் போய்ப் படிக்கும் வாக்கியம் எதுவோ அதுவே நீ திருத்த வேண்டிய வாக்கியம்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. ரகர றகரங்களையும் நகர னகரங்களையும் பேச்சில் நாம் பெரும்பாலும் வேறுபடுத்துவதில்லையாதலால் அவ்வகை எழுத்துப்பிழைகளைக் காது காட்டிக் கொடுக்காது; அவற்றிற்காகக் கண்ணால் தனியே ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். அதுபோலவே, திரும்பி வரும் சொல்லெல்லாம் குற்றமுமன்று. ஒரு பாத்திரம் பிடிவாதமாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை மாற்றினால் பாத்திரமே மாறிவிடும். நீ அறிந்து இட்ட சொல்லை வைத்துக்கொள், அறியாமல் வந்து விழுந்ததை நீக்கு.

பிரதியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் என் கோடு எதுவும் இராது. கோடிட வேண்டியவன் நீ. வாய்விட்டுப் படித்துத் திருத்தியபின் பத்திரிகைக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் நலம் விழையும் அண்ணன்